டிக்கெட்டில் எழுதாத மணித்தியாலங்கள்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு எதில போறது நல்லம் எண்டு கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்லுவாங்க. கோச்சிதான் மலிவு, பஸ்தான் வேகம், காசிருந்தா பிளேன். மூன்றும் உண்மைதான். ஆனால் அது மட்டக்களப்பு ஸ்டேசனுக்குப் பக்கத்தில் வீடு உள்ளவருடைய உண்மை. நாங்கள் பெரியநீலாவணைக்காரர். தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் ரயில் பாதையே கிடையாது. ஆகவே எங்கள் கணக்கு வீட்டு வாசலில் தொடங்க வேண்டும்.

போன முறை நாங்கள் மூன்று பேர் தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய பத்திரிகைகள் பார்க்க வேண்டியிருந்தது. காலையில் திறக்கிற நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும், பின்னேரம் மூடும்வரை வாசிக்க வேண்டும். கையில் இருந்தது ஒரே ஒரு நாள். அதனால் மூன்று வழிகளையும் கொப்பியில் எழுதிப் பார்த்தோம்.

முதலில் பஸ். கல்முனையிலிருந்து வருகிற இரவு பஸ் மருதமுனை தாண்டி எங்கட ரோட்டாலதான் போகுது. கண்டக்டருக்குப் போன் பண்ணி இடம் சொன்னால் சந்தியில் நிறுத்துவார். காத்திருப்பு அரை மணித்தியாலம், ஓட்டம் எட்டு ஒன்பது மணித்தியாலம். விடிய முதல் புறக்கோட்டை.

அடுத்தது இரவுக் கோச்சி. கோச்சிக்குள் இருக்கிற நேரம் கிட்டத்தட்ட பஸ் அளவுதான். ஆனால் அதில் ஏற முன் முப்பது கிலோமீற்றர் போக வேண்டும். கல்லாறு, களுவாஞ்சிகுடி, காத்தான்குடி எண்டு நிண்டு நிண்டு போற பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பிறகு ஸ்டேசனுக்கு ஓட்டோ. தவறவிடக் கூடாதெண்டு முன்கூட்டியே போய் நிற்பது வேறு. எல்லாம் சேர்த்தால் இரண்டரை மணித்தியாலம் கூடுகிறது. கொழும்புப் பக்கம் வித்தியாசமே இல்லை, கோட்டை ஸ்டேசனும் புறக்கோட்டை பஸ் நிலையமும் நடக்கிற தூரம். வித்தியாசம் முழுக்க எங்கட பக்கத்தில்தான்.

காசை இப்படிப் பாருங்கள். கணக்குக்காக பஸ் டிக்கெட் 2,500, கோச்சி டிக்கெட் 1,500 எண்டு வச்சுக்குவம். பார்த்தால் ஆயிரம் ரூபா மிச்சம். மட்டக்களப்புக்குப் பஸ் 150, ஓட்டோ 400 சேர்த்தால் தனியாளுக்கு மிச்சம் 450 தான். இரண்டரை மணித்தியாலத்தைக் கொடுத்து வாங்கிய 450, அதாவது மணித்தியாலத்துக்கு 180 ரூபா. மூன்று பேர் ஓட்டோவைப் பகிர்ந்தால் ஆளுக்கு மிச்சம் 700 தாண்டும். அப்ப யோசிக்கலாம். டிக்கெட் விலை மாறும்போது உங்கட எண்களைப் போட்டுப் பாருங்கள், கணக்கு இதேதான்.

பிளேன்? மட்டக்களப்பில் விமான நிலையம் இருக்கிறது. பறக்கிற நேரம் ஒரு மணித்தியாலத்துக்குள். வீட்டிலிருந்து அங்கே போவது, முன்கூட்டியே போய் நிற்பது, கட்டுநாயக்காவில் இறங்கினால் அங்கிருந்து கொழும்புக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் ரோட்டில் வருவது எல்லாம் சேர்ந்து நாலரை மணித்தியாலம் ஆகும். அப்போதும் மற்ற இரண்டையும் விடப் பாதிதான். ஆனால் அந்த நாலரை மணித்தியாலமும் பகல். சுவடிகள் கூடம் திறந்திருக்கிற நேரமே அதில் போய்விடும். முதல் நாளே போனால் ரூம் வாடகை. பஸ் எங்களிடம் எடுப்பது இரவை மட்டும்தான். எத்தனை மணித்தியாலம் எண்டு மட்டும் பார்த்தால் போதாது, எந்த மணித்தியாலம் எண்டும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பிந்துகிற அளவு. மாகோவிலிருந்து மட்டக்களப்பு வரை ஒற்றைப் பாதை. எதிர்க் கோச்சி வரும்வரை ஸ்டேசனில் நிற்க வேண்டும். ஹபரணைப் பக்கம் யானைக் காடு. 2025 பெப்ரவரி 20 விடியற்காலை இந்தப் பாதைக் கோச்சியில் மோதி ஆறு யானைகள் செத்தன. அந்தப் பகுதியில் கோச்சி மெதுவாகப் போவதைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் குறித்த நேரத்துக்குப் போக வேண்டிய நாளில், வழமையாக எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் எண்டு கேட்காதீர்கள். ஆகப் பிந்தினால் எத்தனை மணி எண்டு கேளுங்கள். பஸ்ஸும் பிந்தும்தான், ஆனால் வழியில் ஒன்று பழுதானால் பின்னால் வருகிற பஸ்ஸில் ஏத்தி விடுவாங்க. கோச்சிக்கு அந்த வழி இல்லை.

அந்த முறை பஸ்ஸில்தான் போனோம். அதுக்காக எப்பவும் பஸ் எண்டு இல்லை. எங்களில் ஒருத்தியின் உம்மம்மாவைக் கண் காட்டக் கூட்டிப் போனபோது கோச்சிதான். அவவுக்குச் சீனி வருத்தம், இரவில் மூன்று நாலு தரம் எழும்ப வேண்டும். பஸ் நடுச்சாமத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் நிற்கும், கோச்சிக்குள் கழிப்பறை இருக்கிறது. கூடுதலாகப் போன இரண்டரை மணித்தியாலம் அண்டைக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. மட்டக்களப்பு வரை மாமாட ஓட்டோவில போனதால செலவும் பெரிசா வரல்ல.