முனியம்மாள் எங்கே போனார்?

பஞ்சமி நிலச் சிக்கல் எதுவானாலும் கடைசியில் இரண்டு விஷயங்களில் வந்து நிற்கும்: ஒரு சர்வே எண், ஒரு பெயர். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் நடந்த நில ஒப்படைகள் தாலுகா குமாஸ்தாக்களின் சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்தில் கோப்புகளாகக் கிடக்கின்றன. யாருக்கு எந்த நிலம் கொடுக்கப்பட்டது என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஒரு காப்பகத்தில் முறைப்படி அனுமதி வாங்கி நாங்கள் படமெடுத்த பக்கங்கள் சில ஆயிரம். பெரும்பகுதி 1915க்கும் 1935க்கும் இடைப்பட்டவை. மூன்று குமாஸ்தாக்களின் கை திரும்பத் திரும்ப வருகிறது. கையெழுத்தைப் படிக்கும் இலவச மாடல் ஒன்றை இந்த மூவரின் கைக்குப் பழக்கினால் வேலை குறையுமே என்று தொடங்கினோம். எடுத்துக்கொண்டது மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டிஆர்ஓசிஆர். இணையத்தில் அதன் பெயர் `microsoft/trocr-base-handwritten`.

இந்த மாடலுக்கு இரண்டு பாதிகள். ஒரு பாதி படத்தைப் பார்க்கிறது. மறுபாதி, இதுவரை எழுதியதை வைத்து அடுத்து என்ன வரும் என்று ஊகித்து எழுதுகிறது. ஊகிக்கும் பாதி ஆங்கிலம் படித்து வளர்ந்தது. கையெழுத்துக்காக அதற்குக் கொடுத்த கடைசிப் பாடம் ஐஏஎம் என்ற தொகுப்பு. அந்தத் தொகுப்பின் வாசகங்கள் 1961ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆங்கில நூல்கள், செய்தித்தாள்களிலிருந்து எடுத்தவை. குப்பனும் முனியனும் அந்த உலகத்தில் இல்லை. அதனால் நம் கோப்பைக் காட்டினால் அது தனக்குத் தெரிந்தவர்களைத் தேடிப் போகிறது. எங்கள் கோப்பு வரி ஒன்றின் வடிவத்தை, பெயரையும் எண்ணையும் மாற்றித் தருகிறேன். முதல் வரி குமாஸ்தா எழுதியது. இரண்டாவது, பழக்குவதற்கு முன் மாடல் படித்தது. மூன்றாவது, பழக்கிய பின் படித்தது.

```
Kuppan s/o Munian, S.No. 142/3, 1.25 acres
Cooper to Union, S.No. 142/8, 1.25 acres
Kuppan s/o Munian, S.No. 142/8, 1.25 acres
```

பழக்குவதற்கு 480 வரிப் படங்களை வெட்டி, ஒவ்வொன்றுக்கும் நேரான வாசகத்தைக் கையால் தட்டச்சு செய்தோம். குமாஸ்தா பிழையாக எழுதியிருந்தாலும் பிழையாகவே தட்டச்சு செய்ய வேண்டும். திருத்தித் தந்தால், இல்லாத எழுத்தைப் பார்க்க மாடலுக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம். நீண்ட வரிகளை இரண்டாக வெட்டினோம். காரணம், இந்த மாடல் எந்தப் படத்தையும் 384க்கு 384 புள்ளிச் சதுரமாக நசுக்கித்தான் பார்க்கும். நீள வரி நசுங்கினால் முதலில் சிதைவது இலக்கங்கள்.

360 வரிகள் பாடத்துக்கு, 60 வரிகள் எப்போது நிறுத்துவது என்று பார்க்க, 60 வரிகள் கடைசிப் பரீட்சைக்கு. பரீட்சை வரிகள் பாடத்தில் இடம்பெறாத கோப்புகளிலிருந்து வந்தவை. ஒரே பக்கத்து வரிகளை இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டால் மாடல் அந்தப் பக்கத்துப் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டு முழு மதிப்பெண் வாங்கும். சில சுற்றுகளுக்குப் பிறகு பாட வரிகளில் பிழை குறைந்துகொண்டே போய், கண்காணிக்கும் 60 வரிகளில் பிழை ஏறத் தொடங்கும். மனப்பாடம் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்கு முந்தைய சுற்றை வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் கூகுள் கோலாபின் இலவசக் கணினியிலேயே முடிந்தது.

எழுத்துப் பிழை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. வழக்கமாக இங்கேதான் எல்லோரும் கைதட்டி முடிப்பார்கள். மேலே உள்ள மூன்றாவது வரியை மறுபடி பாருங்கள். இடைவெளிகளோடு 42 குறிகள். தவறு ஒன்றே ஒன்று. பிழை விகிதம் 2.4 சதவீதம். ஆனால் 142/3 என்ற நிலம் 142/8 ஆகிவிட்டது. அது வேறொருவரின் நிலம். சராசரிக் கணக்கு இந்த ஓர் எழுத்தையும் ஒரு காற்புள்ளியையும் ஒன்றாகவே எண்ணும். அதனால் நாங்கள் பெயர்களை மட்டும், சர்வே எண்களை மட்டும் தனித்தனியாக எண்ணினோம். முழுப் பெயரும் சரியா, முழு எண்ணும் சரியா என்பது மட்டுமே கேள்வி. அந்தக் கணக்கு அவ்வளவு அழகாக இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் அந்தக் கணக்கை வரி வரியாகப் பிரித்தபோது தெரிந்தது. மாடலின் பழைய ஊகம் போய்ப் புது ஊகம் வந்திருந்தது. 360 வரிகளில் முனியன் பல முறை வருகிறார். முனியம்மாள் இரண்டே முறை. பெண்கள் பெயரில் ஒப்படை அரிது. ஆகவே மை மங்கிய இடத்தில் ‘முனியம்மாள், குப்பனின் மனைவி’ என்றிருப்பதை மாடல் ‘முனியன், குப்பனின் மகன்’ என்று எழுதுகிறது. w/o என்பது s/o ஆகிறது. கூப்பர் என்று எழுதினால் பார்த்தவுடன் சிரித்துவிட்டுத் திருத்துவோம். முனியன் என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. கோப்பில் ஏற்கெனவே அரிதாக இருந்த பெண், அடையாளமே இல்லாமல் ஆணாகிவிடுகிறார்.

சாதிப் பெயரிலும் இதே கதைதான். ‘ஆதி திராவிடர்’ என்று எழுதச் சொல்லி சென்னை மாகாண அரசு 1922இல்தான் ஆணையிட்டது. பாட வரிகள் அதற்குப் பிந்தைய கோப்புகளிலிருந்தே வந்தால், 1918ஆம் ஆண்டுக் கோப்பில் குமாஸ்தா எழுதிய பழைய சொல்லின் மேல் மாடல் புதிய சொல்லைப் பூசக்கூடும். அந்தக் காலத்து அலுவலகம் நம்மை எப்படி எழுதியது என்பதும் சான்றுதான். அதை அழிக்க ஓர் இயந்திரத்துக்கு உரிமையில்லை.

ஆகவே இரண்டாவது முறை வரிகளைக் கண்ணில் பட்டபடி எடுக்கவில்லை. தேடி எடுத்தோம். பெண் பெயர் வரும் வரிகள், 1922க்கு முந்தைய வரிகள், 3, 8, 5 என்ற இலக்கங்கள் நெருக்கமாக வரும் வரிகள் என 90 வரிகளைச் சேர்த்தோம். பெண் பெயர்கள் விழுங்கப்படுவது கண்கூடாகக் குறைந்தது. இலக்கங்களில் அவ்வளவு முன்னேற்றம் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. ‘குப்ப’ வரை படித்தால் மிச்சத்தை ஊகிக்கலாம். 142/ வரை படித்தவருக்கு அடுத்தது 3 என்று எந்த மொழியறிவும் சொல்லாது. மை மட்டும்தான் சொல்லும்.

அதனால் ஒவ்வொரு வரிக்கும் மாடலிடம் ஒரே பதிலை வாங்காமல் ஐந்து பதில்களை வாங்குகிறோம்.

```
model.generate(pixels, num_beams=5, num_return_sequences=5)
```

ஐந்திலும் எண்ணோ பெயரோ வேறுபட்டால் அந்த வரி சிவப்புப் பட்டியலுக்குப் போகும். இருவர் தனித்தனியாக மூலப் படத்தைப் பார்ப்பார்கள். ஐந்தும் ஒத்துப்போனால் சரி என்று அர்த்தமில்லை. உறுதியாகத் தவறு செய்யவும் மாடலுக்குத் தெரியும். ஆகவே ஒருவருடைய நிலத்துக்காக ஒரு வரியை எடுக்கும்போது, அது சிவப்போ இல்லையோ, படத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

அப்படியானால் என்ன லாபம்? ஒரு ஊர்ப் பெயரைத் தட்டினால் ஆயிரக்கணக்கான பக்கங்களில் பார்க்க வேண்டிய முப்பது நாற்பது வரிகள் இப்போது முன்னால் வந்து நிற்கின்றன. முன்பு வாரக்கணக்கில் நடந்த வேலை அது. இந்த வாசிப்பைத் தேடுபட்டியலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மனுவோடு இணைக்க வேண்டியது குமாஸ்தாவின் கையெழுத்துள்ள பக்கத்தின் சான்றளித்த நகல். உங்கள் ஊர்க் கோப்புகளில் இதைச் செய்யப்போகிறவர்கள், வரிகளை வெட்டும் முதல் நாளே பெண் பெயர்கள் எத்தனை சேர்ந்திருக்கின்றன என்று எண்ணிவிட்டுத் தொடங்குங்கள்.