இரண்டு மேசைகள்

ஒன்பது பேர் வேலை செய்யும் கிடங்கில் ஒன்பது பேரும் ஓயாமல் உழைத்தால்தான் மிகுதியான சரக்கு வெளியேறும் என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறு எண்ணுவதில் உள்ள பிழையைக் கணக்கால் காட்டுவதே தடைக் கோட்பாடு. இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலறிஞர் எலியாஹு கோல்ட்ராட், ஜெஃப் காக்ஸுடன் சேர்ந்து 1984-இல் வெளியிட்ட ‘தி கோல்’ என்னும் நாவலில் ஒரு தொழிற்சாலையின் கதையாக இதைச் சொன்னார். கருத்து எளியது. வாய்க்கால் எவ்வளவு அகலமாயினும், வயலுக்குப் பாயும் நீரை அளப்பது அதிலுள்ள மிகச் சிறிய மடைதான். மற்ற இடங்களை அகலப்படுத்துவதால் ஒரு துளியும் கூடாது.

மேலாண்மைப் படிப்பின் பயிற்சிக்காகச் சென்ற கோடையில் இரண்டு திங்கள் மும்பையை அடுத்த பிவண்டியில் ஒரு கிடங்கில் இருந்தேன். நாளொன்றுக்கு 400 ஆர்டர்கள் வந்தன; வெளியே சென்றவையோ 240. நால்வர் அலமாரிகளிலிருந்து பொருள்களை எடுத்துக் கூடையில் வைப்பர். ஒருவர் மணிக்கு 15 ஆர்டர் எடுப்பார்; நால்வரும் சேர்ந்து 60. பிறகு இரண்டு பேக்கிங் மேசைகள். மேசைக்கு ஓர் ஆள். ஓர் ஆர்டருக்கு மூன்று நிமிடம். ஆக மணிக்கு 40. அதன்பின் ஒருவர் லேபிள் ஒட்டுவார், மணிக்கு 70. இருவர் லாரியில் ஏற்றுவர், மணிக்கு 90.

இடுக்கு எதுவென்று எண்களே சொல்லிவிடுகின்றன. எண்கள் இல்லாவிடினும் கண்ணால் காணலாம்: எந்த இடத்துக்கு முன்னே சரக்கு குவிந்து, பின்னே ஆட்கள் காத்து நிற்கின்றனரோ அதுவே இடுக்கு. ஒருமுறை பார்த்து முடிவு செய்தல் ஆகாது. காலையில் லாரி வந்திறங்கியதால் ஏற்பட்ட குவியல் மாலையில் கரைந்துவிடும். நான் மணிக்கொருமுறை மூன்று நாள் எண்ணினேன். மேசைகளின் முன் கூடைகள் வளர்ந்துகொண்டே இருந்தன.

மணிக்கு 40 வீதம் எட்டு மணி நேரத்தில் 320 அல்லவா வரவேண்டும்? 240 மட்டுமே வந்தது ஏன்? மேசைகள் நாளுக்கு இரண்டு மணி நேரம் நின்றன. உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி. தவறாக எடுத்துவந்த பொருள்களை மாற்றவும், குவியலில் கூடையைத் தேடவும் அரை மணி. டேப் தீர்வது, ஸ்கேனர் மக்கர் செய்வது போன்றவற்றால் இன்னோர் அரை மணி. மேசைகள் பத்து நிமிடம் நின்றால் ஏறக்குறைய 7 ஆர்டர்கள் அன்றைக்குப் போகா. பொருள் எடுப்பவர் பத்து நிமிடம் நின்றால், மேசை முன் கூடைகள் இருக்கும் வரையில், ஒன்றும் குறையாது. இந்த வேற்றுமைதான் கோட்பாட்டின் உயிர்.

ஆகவே புதிய மேசை வாங்கும் முன், இருக்கும் மேசைகளை நிற்கவிடாமல் பார்ப்பதே முதல் வேலை. லாரியில் ஏற்றுவோருக்கு ஓய்வு மிகுதி; அவர்களுக்கு இரண்டு நாள் பேக்கிங் பழக்கிவிட்டு, உணவு வேளையில் மேசையில் அமர்த்தினோம். எடுத்த பொருளைக் கூடை வைக்கும் இடத்திலேயே சரிபார்த்தோம். ஒன்றரை மணி மீண்டது. 7.5 மணி நேரத்துக்கு 40 வீதம் 300 ஆர்டர்கள். செலவு ஒன்றும் இல்லை.

அடுத்தது, மற்றவர்களின் வேகத்தை மேசையின் வேகத்துக்கு இசைவிப்பது. அதுவரை ஆர்டர் சீட்டுகளைக் காலையிலேயே மொத்தமாகக் கொடுத்துவந்தனர். நால்வரும் விரைந்து எடுக்க, மூன்று மணி நேரத்தில் 180 கூடைகள் வந்து, 120 போக, 60 தேங்கும். அவசர ஆர்டர் அடியில் புதையும். நாங்கள் மேசைகளின் முன் தரையில் 20 கட்டங்கள் வரைந்தோம். அது அரை மணி நேர வேலை. கட்டம் காலியானால்தான் அடுத்த சீட்டு.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. கட்டங்கள் நிறைந்தபோது எடுப்பவர்கள் கைகட்டி நின்றனர். அவர்களுடைய ஊக்கத்தொகையோ எடுத்த எண்ணிக்கைப்படி. “சும்மா நிற்கச் சொல்கிறீர்களே தம்பி, மாதக் கடைசியில் குறையப்போவது எங்கள் பணம் அல்லவா?” என்று அவர்களில் மூத்தவர் இந்தியில் கேட்டார். மேற்பார்வையாளரோ, நால்வரில் ஒருவரை நிறுத்திவிடலாம் என்றார். தாளை எடுத்துக் கணக்கிட்டோம். இடைவேளை போக ஒருவருக்கு ஏழு மணி நேரம். மூவர் என்றால் நாளுக்கு 315. அன்றைய 300-க்கு அது போதும் போலத் தோன்றும். ஆனால் ஒருவர் ஒரு நாள் வராவிட்டால் 210 கூடைகளே வரும். மேசைகள் வெறுமனே நிற்கும். நால்வரிடம் தெரிந்த ஓய்வு சோம்பல் அன்று. மேசையைக் காக்கும் காப்பு. ஆள் குறைப்புப் பேச்சு நின்றது. வெளியே சென்ற ஆர்டர்களைக் கொண்டு அனைவருக்கும் ஊக்கத்தொகை கணக்கிடலாயினர். இது மாறாதிருந்தால் கட்டங்கள் ஒரு வாரமும் நிலைத்திரா.

அந்த ஓய்வுக்கும் ஒரு வேலை கிடைத்தது. மூன்று நிமிடத்தில் அரை நிமிடம் அட்டைப்பெட்டியை மடித்து டேப் ஒட்டுவதற்கே போயிற்று. அதை எடுப்பவர்கள் ஏற்றனர். மேசைக்கு மணிக்கு 24, இரண்டுக்கும் 48, நாளுக்கு 360. எடுப்பவர்களால் இயலுமா? 360 ஆர்டர் எடுக்க 24 ஆள்-மணி, பெட்டி மடிக்க 3, ஆக 27. இருப்பது 28. இயன்றது.

எஞ்சிய 40 ஆர்டர்களுக்கே மூன்றாம் மேசையும் ஓர் ஆளும் வந்தனர். இனி மேசைகளால் நாளுக்கு 540 முடியும் என மகிழ்ந்தனர். மறுநாளே கட்டங்கள் காலியாகக் கிடந்தன. மேசைகள் கூடைக்குக் காத்திருந்தன. கணக்கைப் பாருங்கள். 400 ஆர்டர் எடுக்க 26 மணி 40 நிமிடம். பெட்டி மடிக்க 3 மணி 20 நிமிடம். ஆக 30 ஆள்-மணி. இருப்பதோ 28. இடுக்கு இடம் பெயர்ந்துவிட்டது! நேற்று நன்மை செய்த விதியே இன்று தடையாயிற்று. பெட்டி மடிப்பதை மேசைக்கே திருப்பிக் கொடுத்தோம். மேசைக்கு மணிக்கு 20 வீதம் மூன்றும் சேர்ந்து நாளுக்கு 450, எடுப்பவர்களால் 420. வந்த 400-உம் அன்றன்றே சென்றன.

இடுக்கைக் காண், அதை முழுதும் பயன்படுத்து, மற்றவற்றை அதற்கு இசைவி, பிறகே அதைப் பெருக்கு, பெருக்கியபின் மீண்டும் முதலிலிருந்து தேடு என்று கோல்ட்ராட் வகுத்த ஐந்து படிகளும் இக்கதையில் வந்துவிட்டன. ஐந்தாவதுதான் மறக்கப்படுவது. ஏனெனில் பழைய விதி சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். அது எந்தக் கணக்கினால் வந்தது என்பது எங்கும் எழுதப்பட்டிராது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஆர்டர்கள் 250 ஆகக் குறைந்தால் கிடங்கினுள் இடுக்கே இல்லை. அது வெளியே சந்தையில் இருக்கிறது. அப்போது மேசையை விரைவுபடுத்துவது வீண். பண்டிகைக் காலத்தில் ஓர் ஆர்டரில் ஆறேழு பொருள்கள் இருக்குமாயின், எடுப்பதற்கே நேரம் மிகும். அப்போது மேசைகள் காத்திருக்கும். எந்த நாளானாலும் முதலில் பார்க்கவேண்டியது தரையிலுள்ள அந்த 20 கட்டங்களையே. நிறைந்திருந்தால் மேசையைக் கவனிக்க வேண்டும். காலியாக இருந்தால் அலமாரிப் பக்கம் போகவேண்டும்.