புருவம் பேசிய மேடை

எங்கள் தலைமை எழுத்தர் அம்மாவின் பணி ஓய்வு விழாவில், அவருடைய கேலிச்சித்திரத்தைப் பரிசாகக் கொடுத்துப் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது.

ஓவியரிடம் முதலில் அலுவலகக் குழுப்படத்தைக் காட்டினோம். வேண்டாம் என்றார். அகலமாக எடுத்த படத்தில் ஓரத்தில் நிற்பவரின் முகம் தானாகவே இழுபட்டிருக்கும். அதை நம்பி வரைந்தால் லென்ஸின் கோளாறுதான் பெரிதாகும். அடையாள அட்டைப் படத்திலோ ஃபிளாஷ் வெளிச்சம் நேராக விழுந்து மூக்கின் மேடுபள்ளமே தெரியவில்லை. கடைசியில், கோப்பிலிருந்து அம்மா தலை நிமிரும்போது ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம் பொருந்தியது. மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, அதற்கு மேலாகப் பார்க்கும் கண்கள், உயர்ந்த ஒற்றைப் புருவம். இவற்றை மட்டுமே ஓவியர் பெரிதாக்கினார். பிறரிடமிருந்து ஒருவர் வேறுபடும் இடத்தைக் கூட்டினால் ஆள் சட்டென்று பிடிபடுவார். எல்லாவற்றையும் ஊதினால் யாரோ ஆகிவிடுவார். கன்னத்துத் தழும்பை மட்டும் தொட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். ஒருவருக்கு வலித்த இடம் பரிசில் இருக்கக் கூடாது.

மேடையில் சுருக்கமாகத்தான் பேசினேன்: "அம்மா, இந்தப் புருவம் உயர்ந்தால் எங்கள் குறிப்பில் எங்கோ தேதி தவறியிருக்கிறது என்று அர்த்தம். சத்தம் போடாமலே எங்களைத் திருத்தினீர்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது இந்தப் பார்வைதான்."

உறையைப் பிரித்ததும் கடைசி வரிசையில் நின்ற காவலாளி அண்ணன்தான் முதலில் கைதட்டினார். அம்மா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கோப்புல எண்ணைக் காணோமே" என்றார்.