பெயரை நம்பி உண்ட பலகாரம்

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு இல்லை என்பதைக் குமரி மாவட்டத்து வீடுகளில் அறியாதார் இலர். வறுத்துப் பொடித்த பாசிப்பயற்றை வெல்லப் பாகிலும் தேங்காய்த் துருவலிலும் பிசைந்து உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்தெடுக்கும் பலகாரம் அது. கொடிமுந்திரிக் குலையைப்போல் உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் அப்பெயர் வந்தது என்பர். இந்த அறிவே ஒருநாள் நமக்குப் பெருந்துன்பமாய் முடிந்தது.

நமது பங்கில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் புதுநன்மை பெற்ற நாள் அது. முந்திரி, பாதாம், பிஸ்தா போன்ற கொட்டைப் பருப்புகளும் எள்ளும் அவன் உடலுக்கு ஒவ்வா. விருந்தில் அவன் தட்டில் முந்திரிக்கொத்தை வைத்த பாட்டி, “பேருதான் சாமி முந்திரி. உள்ள ஒரு பருப்பும் கிடையாது, தின்னட்டும்” என்றார். நாமும் தலையசைத்தோம். கால்மணி நேரத்திற்குள் உதடு வீங்கிற்று. உடலெங்கும் தடிப்புகள் எழும்பின. வாந்தியும் இருமலும் தொடர்ந்து, குரல் கம்மியது. மருத்துவமனையில் தொடையின் வெளிப்புறத்தில் அட்ரினலின் ஊசி போட்ட பின்னரே மூச்சு சீரானது. அடங்கிய வேதனை சில மணி நேரத்தில் திரும்பவும் வரக்கூடும் என்பதால், இரவு முழுவதும் அவனை அங்கேயே வைத்திருந்தனர்.

பலகாரம் செய்த அம்மையாரை மறுநாள் வினவினோம். “வாசத்துக்கு ஒரு பிடி எள்ளு வறுத்துப் போட்டேன் சாமி” என்றார். முந்திரி உண்டா என்று எண்ணிப் பார்த்த நாம், எள் உண்டா என்று கேட்கவில்லை. வறுப்பதாலோ பொரிப்பதாலோ எள்ளின் தீங்கு அவனுக்கு நீங்குவதில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

அச்சிறுவனின் தாய் இனிப்பு வாங்கும் முறையைப் பின்னர் நமக்கு விளக்கினார். கடைக்காரரிடம் “இதில் முந்திரி உண்டா?” என்று மட்டும் அவர் கேட்பதில்லை. என்னென்ன சேர்த்தீர்கள், எந்த எண்ணெயில் பொரித்தீர்கள், அதே எண்ணெயில் எள் முறுக்கோ எள் அதிரசமோ பொரித்தீர்களா என்று மூன்றையும் கேட்கிறார். முந்திரிக் கேக்கை வெட்டிய கத்தியாலேயே பால்கோவாவை வெட்டினால் பால்கோவாவும் ஆகாது. தட்டுகள் நெருங்கி நிற்கும் கடையில் அவர் எதையும் வாங்குவதில்லை. வனஸ்பதியில் செய்ததையும் தவிர்க்கிறார். நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் சோதனையில் தெரியவேண்டும் என்பதற்காக, வனஸ்பதியில் நல்லெண்ணெய் சேர்க்கவேண்டும் என்ற விதி நம் நாட்டில் நெடுங்காலம் இருந்து வந்தது.

மசாலாப் பொட்டலங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வாமைப் பொருள்களைத் தனியே குறிப்பிட வேண்டும் என்னும் இந்திய உணவுச் சீட்டு விதிகள் 2020-இல் வெளிவந்தபோது, அப்பட்டியலில் கொட்டைப் பருப்புகள் இருந்தன, எள் இல்லை. ஆகவே எச்சரிக்கை வரியில் எள் காணப்படாமை, பொட்டலத்தில் எள் இல்லை என்பதற்குச் சான்றன்று. உட்பொருள்களின் வரிசையை முற்றும் படிக்கவேண்டும். அங்கே எள் ‘சீசமி’, ‘ஜிஞ்சிலி’, ‘தில்’ என்ற பெயர்களிலும், முந்திரி ‘காஜு’ என்ற பெயரிலும் இருக்கலாம். ‘மசாலாப் பொருள்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால் உள்ளிருப்பதை அறிய வழியில்லை. அதை வாங்காது விடுவதே நலம். புளியோதரைப் பொடி, இட்லிப் பொடி ஆகியவற்றில் எள்ளும், குருமாப் பொடியில் முந்திரியும் இருக்கக்கூடும் என்பதால் அத்தாய் இவற்றை வீட்டிலேயே இடித்துக்கொள்கிறார். சென்ற முறை வாங்கிய அதே பொட்டலத்தையும் மீண்டும் படிக்கிறார். உட்பொருள்கள் சொல்லாமலே மாறிவிடும்.

அடுத்த ஆண்டு பங்குத் திருவிழா அசனத்திற்கு முன் சமையற்காரரோடு அமர்ந்து பேசினோம். குருமாவிற்கு முந்திரி விழுதுக்குப் பதிலாகத் தேங்காயும் பொட்டுக்கடலையும் அரைப்பதென்றும், தாளிப்புக்கு நல்லெண்ணெயை விடுத்துத் தேங்காய் எண்ணெயைக் கொள்வதென்றும், பாயசத்தில் முந்திரிக்குப் பதிலாகத் தேங்காய்ப் பல்லை நெய்யில் வறுத்திடுவதென்றும் முடிவு செய்தோம். தேங்காயும் பொட்டுக்கடலையும் சிறுவனுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதைத் தாயிடம் முன்னதாகவே கேட்டறிந்தோம். இவை ஒவ்வாதோரும் உளர். ஊறுகாய் நல்லெண்ணெயில் ஊறுவதால் அதைப் பரிமாறும் கரண்டி வேறெதிலும் படக்கூடாது என்றோம். சிறுவனின் பங்கை முதலிலேயே எடுத்துத் தனிப் பாத்திரத்தில் மூடி வைத்தோம்.

பந்தியில் அப்பாட்டி ஒரு தட்டு முந்திரிக்கொத்துடன் நம்மிடம் வந்தார். “இது நானே செஞ்சது சாமி. புதுச் சட்டி, புது எண்ணெய். எள்ளு போடல” என்றார். பேரனுக்கு வைக்குமுன் அதைச் சொல்லிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தார். தாய் எண்ணெயின் பெயரையும் கேட்டறிந்த பின்னரே தலையசைத்தார்.