வெட்டப்பட்ட ஒரு வாக்கியம்

அன்பாகச் சொல்லப்படும் சொல் எதுவாயினும் அது கேட்பவருக்கு நன்மையே செய்யும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். பிள்ளைகளுக்கு ஆசிரியர் கூறும் ஆறுதலைப் பொறுத்தவரை அந்த எண்ணம் எப்போதும் சரியன்று. இதை நான் ஒரு குரற்பதிவின் வாயிலாக அறிந்தேன்.

டில்லியில் மயூர் விகாரை அடுத்து நாங்கள் வாழும் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல. பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியை ஒருவர் இங்கே மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். அவரிடம் வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சென்ற டிசம்பரில் எழுதிய தேர்வில் எண்பதுக்கு இருபத்தொன்று வாங்கினான். அதன் பிறகு பத்து நாட்கள் வகுப்பின் பக்கமே வரவில்லை. ஆசிரியை அவனுடைய விடைத்தாளை வரவழைத்துப் பார்த்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் கைப்பேசியில் பேசிப் பதிந்தார். பையனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகையால்தான் கடிதம் எழுதாமல் குரலாக அனுப்ப எண்ணினார். பதிவு ஏழு நிமிடம் ஓடிற்று.

வானொலியில் ஒலிநாடாவை வெட்டி ஒட்டும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அதனால் அவர் அந்தப் பதிவை என்னிடம் கொண்டுவந்தார்.

"சார், இதில் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும். மற்றது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

கேட்டுப் பார்த்தேன். ஏழு நிமிடத்தில் நான்கு நிமிடம் ஒரே பிழையைப் பற்றியது. ஒரு கணக்கைச் சொன்னால் வாசகர்களுக்கு விளங்கும்.

5x − 2(x − 3) = 18

அடைப்பை நீக்கும்போது பையன் 5x − 2x − 6 = 18 என்று எழுதியிருந்தான். அடைப்பின் வெளியே நிற்கும் −2 என்பது உள்ளே இருக்கும் −3-ஐயும் பெருக்க வேண்டும். குறையைக் குறையால் பெருக்கினால் கூட்டல் வரும். ஆகவே 5x − 2x + 6 = 18 என்பதே சரி; x = 4. அவனுக்கு x = 8 என்று வந்தது. எட்டு என்பது பின்னம் இல்லாத ஒழுங்கான எண். ஆகையால் அவனுக்கு ஐயம் தோன்றவில்லை. விடையைக் கணக்கிலேயே திரும்ப வைத்துப் பார்த்திருந்தால், 40-இலிருந்து 10 போக 30 வரும், 18 வராது. பிழை அந்த இடத்திலேயே வெளிப்பட்டிருக்கும். விடைத்தாளில் அவன் இழந்த மதிப்பெண்களில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு குறியீட்டுப் பிழையால் போனவை என்று ஆசிரியை எண்ணிக் காட்டியிருந்தார்.

இதற்கு நடுவே, மூன்றாவது நிமிடத்தில், குரல் தணிந்து வந்தது அந்த வாக்கியம்: "கணக்கு எல்லாருக்கும் வருவதில்லையப்பா, நீ எவ்வளவு அழகாகப் பாடுகிறாய், அது போதாதா?"

பதிவு முழுவதிலும் இதைவிட இனிய வாக்கியம் இல்லை. இதைப் போய் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அந்த வீட்டில் ஒரே அறை, சார். பதிவை அவன் மட்டும் கேட்க மாட்டான். அம்மாவும் கேட்பாள், தங்கையும் கேட்பாள். மற்ற ஏழு நிமிடமும் மறந்துவிடும். 'உனக்குக் கணக்கு வராது என்று டீச்சரே சொல்லிவிட்டார்கள்' என்பது மட்டும் நிற்கும்" என்றார்.

அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. மத்திய வாரியத்தின் பத்தாம் வகுப்பில் 2020-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து கணிதத்துக்கு ஸ்டாண்டர்டு, பேசிக் என இரண்டு தாள்கள் உண்டு. பாடம் ஒன்றே, வினாத்தாளின் கடினம்தான் வேறு. மேல் வகுப்பில் கணிதம் எடுக்க விரும்பாதவர்களுக்கென ஏற்பட்டது பேசிக். எதை எழுதுவது என்று அந்தக் குடும்பம் சில மாதங்களில் முடிவு செய்தாக வேண்டும். ஆறுதலுக்காகச் சொன்ன சொல் அங்கே தீர்ப்பாக மாறிவிடும் என்று ஆசிரியை அஞ்சினார்.

அவருடைய அச்சம் ஆராய்ந்து பார்க்கப்பட்ட ஒன்றே. அனீட்டா ரட்டன், கேதரின் குட், கேரல் டுவெக் என்னும் மூவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை ஒரு கணிதத் தேர்வில் நூற்றுக்கு 65 வாங்கியதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். சிலருக்கு, எல்லாருக்கும் கணிதம் கைவருவதில்லை என்ற வகையான ஆறுதல் கிடைத்தது. சிலருக்கு, இனி எப்படிப் படிப்பது என்ற வழி கிடைத்தது. ஆறுதல் பெற்றவர்கள், ஆசிரியர் தம்மிடம் அதிகம் எதிர்பார்க்கவில்லை என்று உணர்ந்தார்கள். இறுதியில் தாம் பெறப்போகும் மதிப்பெண்ணையும் குறைவாகவே கணித்தார்கள். அது கற்பனைத் தேர்வுதான். உண்மை வகுப்பறை இன்னும் சிக்கலானது. ஆயினும் அது சுட்டும் திசை தெளிவானது.

மறுபடியும் பேசிப் பதியலாமே என்றேன். இரண்டு முறை முயன்றாராம். இரண்டு முறையும் அந்த வாக்கியம் தானாக வந்து விழுந்ததாம். பையன்மேல் அவருக்கு இருந்த பரிவு அத்தகையது.

வெட்டும் வேலை பார்வைக்கு எளிது; செய்வது அப்படியன்று. நாடாக் காலத்தில் சவரத் தகட்டால் சாய்வாக வெட்டுவோம். இன்று கணினித் திரையில் ஒலி அலையைப் பார்த்து வெட்டுகிறோம். விதி மாறவில்லை. வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் பேசுபவர் மூச்சு வாங்குவார். இரண்டு மூச்சையும் விட்டுவைத்தால் அடுத்தடுத்து இருமுறை மூச்சு கேட்கும். இரண்டையும் எடுத்தால் பேச்சு முட்டிக்கொண்டு ஓடும். ஒன்றை மட்டும் வைக்க வேண்டும். வெட்டிய இடத்தில் வெற்று மௌனத்தை நிரப்பினால் மின்விசிறியின் இரைச்சல் சட்டென்று அறுந்து, அங்கே ஏதோ இருந்தது என்று காது கண்டுபிடித்துவிடும்.

இவையெல்லாம் கைப்பழக்கத்தில் முடிந்தன. முடியாதது ஒரு சொல். அடுத்த வாக்கியம், "ஆனால் இந்த அடைப்பை மட்டும் பார்" என்று தொடங்கிற்று. முன்வாக்கியம் போய்விட்டால் 'ஆனால்' யாருக்கு மறுமொழி? அதையும் எடுத்தேன். "இந்த அடைப்பை மட்டும் பார்" என்று நின்றது. ஆசிரியை அதைக் கேட்டுவிட்டு, "இதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்" என்றார். எடுத்தது மொத்தம் பதினொரு விநாடி.

பரிவான சொற்களையெல்லாம் அவர் நீக்கிவிட்டார் என்று வாசகர்கள் எண்ண வேண்டா. "ஆறாவது கணக்கில் நீ சமன்பாட்டை அமைத்த விதம் சரி" என்ற வாக்கியம் இருந்தது. "பத்து நாளாக உன்னைக் காணவில்லை, உன் இடம் காலியாக இருக்கிறது" என்பதும் இருந்தது. முன்னது அவன் செய்ததைச் சொல்கிறது. பின்னது அவனை அழைக்கிறது. நீக்கப்பட்டதோ அவனால் ஆகாததைச் சொல்லிக் கதவைச் சாத்தியது. மூன்றும் அன்பில் பிறந்தவையே.

இரண்டாம் நாள் பையனிடமிருந்து அரை நிமிடப் பதிவு வந்தது. அனுப்பிய மூன்று கணக்குகளில் இரண்டு சரியாம். மூன்றாவது தப்பு என்று விடையைத் திரும்ப வைத்துப் பார்த்துத் தானே கண்டுகொண்டானாம். ஆனால் எங்கே தப்பு என்று தெரியவில்லையாம். "நாளைக்கு வரட்டுமா டீச்சர்?" என்று கேட்டிருந்தான். பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. அதைத் தொடர்ந்து, "நோட்டை எடுத்துக்கொண்டு போடா" என்று அவன் தாயின் குரல்.

அவன் எந்தத் தாளை எழுதுவான் என்பது இன்னும் முடிவாகவில்லை.