பழைய மேனேஜர்கிட்ட ரெஃபரன்ஸ் கேட்டு ஒரு மெயில்

அன்னதானக் கூடத்துல நம்மகூட காய் நறுக்குற தங்கச்சி ஒருத்தருக்கு, புது வேலைக்குப் பழைய மேனேஜரோட ரெஃபரன்ஸ் தேவைப்பட்டது. அவர் சம்மதத்தோட, பேரைச் சொல்லாம எழுதுறேன். நம்ம பிள்ளைங்க நிறைய பேருக்கு இதே கூச்சம் இருக்கு.

முதல்ல அவர் எழுதி வச்சிருந்தது ரெண்டே வரி. "நலமா சார்? ஒரு வேலைக்கு மனு போட்டிருக்கேன், ரெஃபரன்ஸ் கொடுக்க முடியுமா?" மரியாதையாத்தான் இருக்கு. ஆனா நான் பல வருஷம் கிடங்குல மேற்பார்வையாளரா இருந்தவன், இந்த மாதிரி மெயில் எனக்கும் வந்திருக்கு. படிச்சதும் மனசு "அப்புறம் பார்க்கலாம்"னு ஒதுக்கி வச்சிடும். என்ன வேலை, யார் பேசுவாங்க, கடிதமா போனா, எப்போ வேணும், ஒண்ணும் தெரியாது. இந்தப் பொண்ணு எந்த வருஷம் இருந்துச்சுன்னே சரியா ஞாபகம் வராது. பதில் எழுதணும்னா முதல்ல நாலு கேள்வி கேட்கணும். அந்த வேலையை மேனேஜர் தலையில வைக்கக் கூடாது.

அதனால தலைப்பிலேயே பேர், எந்தப் பிரிவு, எப்போதுக்குள் பதில் வேணும்னு மூணையும் போட்டோம். மெயில் ஆங்கிலத்துலதான் போச்சு, தமிழ்ல அதோட சாரம் இது:

"வணக்கம் சார். 2021 மார்ச் முதல் 2023 ஜூன் வரை உங்கள் பிரிவில் சரக்கு இருப்புக் கணக்கு பார்த்தேன். இப்போது ஒரு மருந்து விநியோக நிறுவனத்தில் இருப்பு ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு இறுதிச் சுற்றில் இருக்கிறேன். அடுத்த வாரம் செவ்வாயிலிருந்து வியாழனுக்குள், பத்து நிமிடம் போனில் உங்களிடம் பேச விரும்புகிறார்கள். உங்கள் எண்ணைக் கொடுக்கலாமா? இந்த வெள்ளிக்குள் தெரிந்தால் போதும். மாதக் கடைசிக் கணக்கெடுப்பை நான் நடத்தியதும், ஸ்கேனர் மாறியபோது இரவு ஷிப்டில் ஆறு பேருக்குக் கற்றுக்கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். புது வேலையும் அதைச் சார்ந்ததுதான். வசதிப்படாவிட்டால் ஒரு வரி போதும் சார், வேறொருவரைக் கேட்டுக்கொள்கிறேன்."

கூடவே சுயவிவரமும் வேலை விளம்பரமும் இணைச்சாச்சு.

கவனிச்சீங்களா, "நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள்"னு ஒரு வார்த்தை இல்ல. அதைச் சொல்ல வேண்டியது அவர். நாம ஞாபகப்படுத்துறது அவர் கண்ணால பார்த்த ரெண்டு சம்பவம். போன்ல "என்ன பொறுப்பு பார்த்தாங்க?"னு கேட்டா, யோசிக்காம அதையே சொல்வார்.

கடைசி வரியை எடுத்துடலாமான்னு தங்கச்சி கேட்டாங்க. "நாமளே முடியாதுன்னு சொல்லச் சொல்ற மாதிரி இருக்கே அண்ணே?" இல்லம்மா, அது இருக்கணும். மனசில்லாம ஒத்துக்கிட்டவர் போன்ல இழுத்து இழுத்துப் பேசுவார், கேட்கிறவங்களுக்கு அது உடனே தெரிஞ்சுடும். அதுக்கு முன்கூட்டியே மறுத்துட்டா நல்லது.

உண்மையான பயம் வேற. அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ ஒரு மாச நோட்டீஸ் கொடுக்க முடியாம, ரெண்டு வாரத்துல வேலையை விட்டிருக்காங்க. "சாருக்கு இன்னும் கோபம் இருக்குமோ"ன்னுதான் ஒன்றரை வருஷமா பேசவே இல்ல. அதை மறைச்சா மேனேஜர் சங்கடத்துல மாட்டுவார், பொய்யும் சொல்ல முடியாது, போட்டுக்கொடுக்கவும் மனசு வராது. அதனால ஒரு வரி சேர்த்தோம்: "அம்மாவின் சிகிச்சைக்காக அவசரமாக விலகியதை அவர்களிடம் நானே சொல்லிவிட்டேன். கேட்டால் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்." நிஜமாவே முதல்ல புது இடத்துல சொல்லிட்டுத்தான் இந்த வரியை எழுதணும்.

மறுநாள் மத்தியானமே பதில். கம்பெனி சார்பா எச்.ஆர். வேலை பார்த்த தேதியும் பதவியும் மட்டும்தான் உறுதிப்படுத்துவாங்களாம், அது விதி. ஆனா எச்.ஆர்.கிட்ட கேட்டுட்டாராம், தனிப்பட்ட முறையில தன் கைத்தொலைபேசியில பேசத் தடை இல்லையாம். "புதன்கிழமை 7 மணிக்கு மேல கூப்பிடச் சொல்லு. அம்மா இப்போ எப்படி இருக்காங்க?"

சில கம்பெனியில அதுக்கும் அனுமதி கிடையாது. அப்போ வற்புறுத்த வேணாம், எச்.ஆர். உறுதிக் கடிதத்தை வாங்கிக்கிட்டு, கூட வேலை பார்த்து இப்போ வேற இடத்துக்குப் போயிட்ட சூப்பர்வைசரைக் கேட்கலாம்.

புதன்கிழமை போன் வந்துச்சாம். முடிவு இன்னும் வரல. வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டியும் சாருக்கு அன்னிக்கே ஒரு வரி எழுதிடும்மான்னு சொல்லி வச்சிருக்கேன்.