மாமா என்று கூப்பிட்டால் தாய்மாமன் ஆகிவிடுமா?



பணி ஓய்வுக்குப் பிறகும் ஸ்ரீரங்கம் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் நாலைந்து பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். எல்லோரும் ரயில்வே தேர்வுக்குப் படிப்பவர்கள். அதில் உறையூரிலிருந்து வரும் ஒரு பெண் கணக்கில் கெட்டி. ஆனால் ரத்த உறவுக் கேள்வி என்றால் மட்டும் அடிக்கடி தப்பாகிவிடுகிறது. அந்தத் தேர்வில் ஒரு தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். எங்கே தடுக்குகிறாள் என்று பார்க்க, போன வாரம் அவளை ஒரு படம் போட வைத்தேன்.

கேள்வி இதுதான். க, ச தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள்: மகள் த, மகன் ந. த-வின் கணவர் வ. ந-வின் மனைவி ப. ந, ப இவர்களின் பிள்ளை ம. அப்படியானால் வ, ம-வுக்கு என்ன உறவு?

```
      க(+) ═ ச(−)
           │
     ┌─────┴─────┐
வ(+)═த(−)    ந(+)═ப(−)
                 │
                ம(?)
```

கூட்டல் குறி ஆண், கழித்தல் குறி பெண். இரட்டைக் கோடு திருமணம். மேலிருந்து கீழே இறங்கும் கோடு பெற்றோர், பிள்ளை. ஒரே கோட்டிலிருந்து பிரிந்து தொங்குபவர்கள் உடன்பிறந்தவர்கள். இந்தப் படத்துக்கு இவ்வளவுதான் தெரியும்.

படத்தைச் சரியாகவே போட்டாள். விடையாக "தாய்மாமன்" என்று குறித்தாள். ஏன் என்றேன். "அத்தை வீட்டுக்காரரை மாமான்னுதானே சார் கூப்பிடுவோம்" என்றாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. நம் பேச்சில் அத்தையின் கணவரும் மாமா, அம்மாவின் உடன்பிறந்தவரும் மாமா. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இருவரும் பல நேரம் ஒரே ஆளாகவே இருப்பார்கள். அந்த வழக்கத்தை மனதில் வைத்துத்தான் நம் முறைப்பெயர்களே அமைந்திருக்கின்றன. அமெரிக்கர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் வெளியிட்ட உறவுமுறை நூலில் தமிழ் முறைப்பெயர்களும் இருக்கின்றன. நம் முறையைப் பார்த்து வெளியார் வியந்ததற்கு இந்த ஒழுங்குதான் காரணம்.

ஆனால் தேர்வுத்தாள் நம் வழக்கத்தை எடுத்துக்கொள்ளாது. வ-விலிருந்து ம-வுக்கு விரலை நகர்த்திப் பாருங்கள். வ-விலிருந்து இரட்டைக் கோடு வழியாக த, அங்கிருந்து உடன்பிறந்த ந, பிறகு கீழே ம. ஆக அப்பாவின் உடன்பிறந்தவளுடைய கணவர், அதாவது அத்தை கணவர். தாய்மாமன் என்று சொல்ல வேண்டுமானால் வ-வையும் ப-வையும் உடன்பிறந்தவர்களாக இணைக்கும் கோடு வேண்டும். அது படத்தில் இல்லை. கூப்பிடும் பெயரை வைத்து, இல்லாத கோட்டை அவள் மனதிலேயே போட்டுக்கொண்டாள்.

இதே மாதிரி இன்னும் இரண்டு இடத்தில் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். த இடப்பக்கம் இருப்பதால் அவள் ந-வுக்கு அக்கா என்கிறார்கள். தமிழில் அக்கா, தங்கை என்று பிரித்தே பேசிப் பழகிவிட்டோம். படத்தில் வயது கிடையாது. சகோதரி என்பதோடு நின்றுகொள்ள வேண்டும். அடுத்து, ம க-வுக்குப் பேரன் என்கிறார்கள். ம-வுக்குப் பக்கத்தில் கேள்விக்குறிதான் இருக்கிறது. ஆகவே பேரனா, பேத்தியா என்று முடிவு செய்ய இயலாது. அந்த விடை கடைசியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அதைத்தான் குறிக்க வேண்டும்.

அவளுக்கு ஏன் இது இவ்வளவு குழப்பம் என்பது பிறகுதான் புரிந்தது. "சார், எங்கம்மா அவங்க தாய்மாமனையே கட்டிக்கிட்டாங்க. எங்க பாட்டியே எனக்கு அத்தையும்கூட" என்றாள். அவள் குடும்பத்தையே படமாகப் போடச் சொன்னேன். பாட்டியும் அப்பாவும் உடன்பிறந்தவர்கள், ஆகவே ஒரே வரிசை. பாட்டிக்குக் கீழே அம்மா. அப்பாவையும் அம்மாவையும் சேர்க்கும் இரட்டைக் கோடு ஒரு தலைமுறை தாண்டிச் சாய்வாக இறங்கியது. அவளே சிரித்துவிட்டாள். தேர்வுப் படங்களில் தம்பதியை ஒரே வரிசையில்தான் போடுவது வழக்கம். அவள் வீட்டுக் கோடு சாய்வு. வீட்டுப் பழக்கத்தில் விடை சொன்னால் தடுக்காமல் என்ன செய்யும்?

இப்போது ஒரு வழி சொல்லியிருக்கிறேன். விடையை முதலில் நீளமாகச் சொல்ல வேண்டும்: "அப்பாவின் சகோதரியின் கணவர்" என்று. ஒவ்வொரு சொல்லுக்கும் படத்தில் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்ட முடிந்த பிறகுதான் அதற்கு முறைப்பெயர் வைக்கலாம். நேற்று பத்துக் கேள்வி கொடுத்தேன், ஒன்பது சரி. தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

உங்களுக்கும் ஒன்று தருகிறேன். மேலே உள்ள படத்தில் வ-வும் ப-வும் உடன்பிறந்தவர்கள் என்று ஒரு கோடு சேருங்கள். த, வ தம்பதிக்கு ய என்று ஒரு பிள்ளை. ம-வுக்கு ய எத்தனை வழியில் சொந்தம், என்னென்ன வழி? படம் போட்டுவிட்டு எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம்.